ஒரே ஸ்டேப்ளர், இரண்டு விலை

அமெரிக்காவில் ஸ்டேபிள்ஸ் என்றொரு பெரிய நிறுவனம் உண்டு. பேப்பர், பேனா, பிரிண்டர் மை என்று அலுவலகத்துக்கு வேண்டிய எல்லாம் விற்கும் கடை அது. தெருவிலும் கடை இருக்கிறது, இணையத்திலும் இருக்கிறது. 2012 டிசம்பரில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளேட்டின் செய்தியாளர்கள் அதன் இணையக் கடையைப் பற்றி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஸ்விங்லைன் கம்பெனியின் ஸ்டேப்ளர் ஒன்றுக்கு ஒருவரின் திரையில் 15.79 டாலர் என்று விலை காட்டியது. அவரிடமிருந்து சில மைல் தள்ளி உட்கார்ந்திருந்த இன்னொருவரின் திரையில் அதே ஸ்டேப்ளர் 14.29 டாலர். பொருள், தளம், நேரம் எல்லாம் ஒன்றுதான். வித்தியாசம் ஒன்றரை டாலர்.

ஏன் என்று தெரிந்துகொள்ள அவர்கள் அமெரிக்காவின் 42,000க்கும் மேற்பட்ட அஞ்சல் குறியீடுகளிலிருந்தும் அந்தத் தளத்துக்குப் போவதுபோல் கணினியில் பாவனை செய்து பார்த்தார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. கிடைத்த விலைகளை வரைபடத்தில் பரப்பியபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஆஃபீஸ் டெப்போ, ஆஃபீஸ்மேக்ஸ் ஆகிய போட்டிக் கடைகளில் ஒன்று ஏறத்தாழ 20 மைலுக்குள் இருந்த ஊர்களில் பெரும்பாலும் குறைந்த விலை. அப்படிக் கடை இல்லாத ஊர்களில் பெரும்பாலும் கூடிய விலை. ஸ்டேப்ளர் மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது. கண்ணில் பட்டபடி எடுத்த ஆயிரத்துக்கும் அதிகமான பொருள்களைச் சோதித்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு இடத்துக்கு இடம் விலை மாறியது. சராசரி வித்தியாசம் 8 சதவீதம்.

இணைய விலைகளைப் பற்றி நம்மிடையே உலவும் சந்தேகங்களில் இடம் கடைசியில்தான் வரும். 'ஐபோனில் பார்த்தால் விலை கூடுகிறது' என்பதும் 'திரும்பத் திரும்பப் பார்த்தால் ஏற்றிவிடுகிறான்' என்பதும்தான் முன்னால் நிற்கும். ஆய்வாளர்கள் இதுவரை அளந்து பார்த்ததை வைத்துச் சொன்னால் வரிசை தலைகீழாக இருக்கிறது. இடத்தைப் பொறுத்து விலை மாறுவதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. கருவியைப் பொறுத்து மாறுவதற்குக் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் பலர் நினைக்கும் வடிவில் அல்ல. எத்தனை முறை பார்த்தோம் என்பதற்காக விலை ஏற்றப்படுவதற்கு ஆதாரம் மிக மெலிந்தது. அது ஏன் என்பதற்கான விடை அந்த ஸ்டேப்ளரின் கணக்கிலேயே இருக்கிறது.

கடைக்காரரின் பக்கத்திலிருந்து கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்டேப்ளரின் அடக்க விலை 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இது நம் கணக்குக்காக வைத்த எண், நிறுவனத்தின் கணக்கு அல்ல. 14.29க்கு விற்றால் ஒன்றுக்கு 4.29 டாலர் மிஞ்சும். நூறு பேர் வாங்கினால் 429 டாலர். 15.79க்கு விற்றால் ஒன்றுக்கு 5.79 மிஞ்சும். அந்த 429 டாலரை எட்டுவதற்கு இப்போது 75 பேர் வாங்கினாலே போதும். ஆக, ஒன்றரை டாலர் ஏற்றியதும் நூறு பேரில் 25 பேர் வரை விலகினாலும் ஏற்றியது லாபம். அதற்கு மேல் விலகினால் நட்டம். பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் போட்டிக் கடை என்றிருக்கும் ஊரில் 25 பேருக்கு மேல் விலகுவது எளிது. அடுத்த கடைக்கு முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டிய ஊரில் ஒன்றரை டாலருக்காக யாரும் கிளம்பப் போவதில்லை. கடை கேட்பது ஒரே கேள்வியைத்தான்: விலையை ஏற்றினால் இவர் போய்விடுவாரா, மாட்டாரா?

இதில் உங்களைத் தனி ஆளாக யாரும் எடை போடவில்லை. நீங்கள் எந்தக் கூட்டத்தில் சேர்வீர்கள் என்று மட்டும் ஊகிக்கிறார்கள். 1920இல் வெளிவந்த தன் நூலில் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ விலைப் பாகுபாட்டை மூன்று படிகளாகப் பிரித்தார். ஒவ்வொருவரிடமும் அவரால் முடிந்த உச்சத் தொகையைக் கறப்பது முதல் படி. மொத்தமாக வாங்கினால் குறைவு என்பதுபோல அளவைப் பொறுத்து மாற்றுவது இரண்டாவது. மக்களைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு விலை வைப்பது மூன்றாவது. ரயிலில் குழந்தைகளுக்கு அரை டிக்கெட் கொடுப்பது இந்த மூன்றாவது வகை. ஸ்டேபிள்ஸ் செய்ததும் அதுவே. வயதைச் சான்றிதழில் பார்ப்பதற்குப் பதிலாக, ஊரை இணைய முகவரியில் பார்த்தது.

பார்ப்பதும் சுலபம். இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி இருக்கிறது. எந்த எண்வரிசை எந்த நிறுவனத்துக்கு, எந்த வட்டாரத்துக்கு ஒதுக்கப்பட்டது என்ற பட்டியல்கள் விலைக்குக் கிடைக்கின்றன. உள்ளே நுழைந்த கணமே தளம் அந்தப் பட்டியலைப் பார்த்து ஊரை ஊகித்துக்கொள்ளும். நீங்களே டெலிவரிக்காகப் பின்கோடு கொடுத்துவிட்டால் ஊகத்துக்கும் வேலை இல்லை. ஊகித்த குறியீட்டை உங்கள் பிரவுசரில் குக்கீ என்னும் சின்னக் குறிப்பாக எழுதிவைத்து, அடுத்த முறை அதையே படித்துக்கொள்ளும். செய்தியாளர்களும் இந்தக் குறிப்பில் இருந்த அஞ்சல் குறியீட்டை மாற்றி மாற்றித்தான் நாடு முழுவதும் 'பயணம்' செய்தார்கள்.

குறைந்த விலை தெரிந்த பகுதிகளின் சராசரி வருமானம், கூடிய விலை தெரிந்த பகுதிகளின் வருமானத்தைவிட அதிகமாக இருந்தது என்பதையும் அந்தச் செய்தி பதிவு செய்தது. பணக்காரருக்குக் குறைத்து விற்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. வசதியான பகுதியில் கடைகள் நெருக்கமாக இருக்கும், ஏழைப் பகுதியிலும் ஒதுக்குப்புறத்திலும் அவ்வளவு கடைகள் இருக்காது. போட்டியை அளக்கும் விதி, தெரியாமலே வருமானத்தையும் அளந்துவிட்டது. 2015இல் 'புரோபப்ளிகா' என்ற புலனாய்வு இதழ் இதைவிடக் கூர்மையான ஒன்றைக் கண்டது. பிரின்ஸ்டன் ரிவ்யூ என்ற தேர்வுப் பயிற்சி நிறுவனம் தன் இணையவழித் தனிப்பயிற்சிக்கு அஞ்சல் குறியீட்டைக் கேட்டு, அதன்படி 6,600 முதல் 8,400 டாலர் வரை விலை சொன்னது. ஆசிய வம்சாவளியினருக்குக் கூடிய விலை காட்டப்படும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. நிறுவனம் இனத்தைக் கேட்கவே இல்லை. வட்டாரத்தைக் கேட்டது, அதோடு இனமும் ஒட்டிக்கொண்டு வந்தது. கணக்கில் இல்லாத ஒன்று இப்படிப் பின்வாசல் வழியாக நுழைவதுதான் இட விலையில் எனக்குப் பெரிய கவலை. ஒன்றரை டாலர் அல்ல.

செல்போன் வந்த பிறகு இடம் இன்னும் நுணுக்கமானது. டார்கெட் என்ற அமெரிக்கச் சங்கிலிக் கடையின் ஆப், வாடிக்கையாளர் கடையின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் நுழைந்ததும் சில பொருள்களின் விலையை ஏற்றிக் காட்டியதை 2019இல் மினசோட்டா மாநிலத் தொலைக்காட்சி ஒன்று பதிவு செய்தது. கடைக்கு வெளியே 499 டாலர் என்றிருந்த டிவி, கடைப் பக்கம் வந்ததும் 599 டாலர். காரணம் புரியக்கூடியது. வீட்டில் இருப்பவர் இன்னொரு தளத்துக்கு விரல் நுனியில் தாவிவிடுவார். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருபவர் வாங்கும் முடிவோடு வருகிறார். ஆப் வெளியே இணைய விலையைக் காட்டியது, உள்ளே கடை விலையைக் காட்டியது. மாறியதை மட்டும் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் சில மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த வழக்கில் 2022இல் அந்த நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

அடுத்தது கருவி. ஆப்பிள் கணினி வைத்திருப்பவருக்கு விலை கூடும் என்ற பேச்சு 2012 ஜூனில் வந்த ஒரு செய்தியிலிருந்து பெருமளவு கிளம்பியது. ஆர்பிட்ஸ் என்ற பயணத் தளம், ஆப்பிள் கணினிக்காரர்கள் ஓட்டல் அறைக்கு ஓர் இரவுக்கு 30 சதவீதம் வரை அதிகம் செலவழிக்கிறார்கள் என்று தன் தரவுகளில் கண்டது. அதன்பின் அவர்களுக்கு விலை கூடிய ஓட்டல்களைப் பட்டியலின் மேலே காட்டத் தொடங்கியது. செய்தி பரவியபோது, அதே அறையை ஆப்பிள்காரருக்கு அதிக விலையில் விற்கிறார்கள் என்று திரிந்துவிட்டது. நடந்தது அது அல்ல. அறையின் விலை எல்லோருக்கும் ஒன்றே, அடுக்கிய வரிசைதான் வேறு. துறையில் இதை விலைப் பாகுபாட்டோடு சேர்க்காமல், திசைதிருப்பல் என்று தனியாக வைப்பார்கள். சட்டத்துக்கும் இரண்டும் வேறு. ஆனால் முதல் பக்கத்தைத் தாண்டிப் பார்க்காதவரின் பர்ஸுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆப்பிள் போனில் உண்மையாகவே விலை கூடும் ஓர் இடம் இருக்கிறது, அது பொருள்களுக்கு அல்ல, சந்தாக்களுக்கு. 2015இல் யூடியூபின் விளம்பரமில்லாச் சந்தா அமெரிக்காவில் தொடங்கியபோது பிரவுசர் வழியாகக் கட்டினால் மாதம் 9.99 டாலர், ஐபோன் ஆப்புக்குள் கட்டினால் 12.99 டாலர். ஆப்புக்குள் நடக்கும் அத்தகைய விற்பனையில் அப்போது ஆப்பிள் 30 சதவீதம் எடுத்துக்கொண்டது. அந்தத் தொகையில் பெரும்பகுதி சந்தாதாரர் தலையில் ஏற்றப்பட்டது. நீங்கள் பணக்காரர் என்ற ஊகத்துக்கு இதில் இடமே இல்லை, நடுவில் ஒரு தரகு இருக்கிறது, அவ்வளவே. 'ஆப்பில் மட்டும் 10 சதவீதம் தள்ளுபடி' என்பது இதற்கு எதிர்த்திசை. ஆப்பை இறக்கியவர் திரும்ப வருவார், அவரைக் கூட்டிவர விளம்பரத்துக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதால் கடை அதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறது.

பார்த்த முறைகளின் எண்ணிக்கைக்கு வருவோம். இந்தச் சந்தேகத்துக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. 2000 செப்டம்பரில் அமேசானில் 'டைட்டஸ்' என்ற படத்தின் டிவிடியைப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு விலை 26.24 டாலர் என்று காட்டியது. தான் பழைய வாடிக்கையாளர் என்பதைத் தளம் அடையாளம் காணும் குக்கீயை அழித்துவிட்டுப் பார்த்தார். விலை 22.74 டாலருக்கு இறங்கியது. விசுவாசமானவரிடம் கூடுதலாகப் பிடுங்குகிறார்கள் என்று கொந்தளிப்பு எழுந்தது. அமேசான் தந்த விளக்கம் வேறு: எந்த விலையில் எவ்வளவு விற்கும் என்று அறிய, வாடிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து வெவ்வேறு தள்ளுபடி கொடுத்துப் பார்த்தோம், ஆளைப் பார்த்து வைத்த விலை அல்ல. கூடுதலாகக் கட்டிய 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பிக் கொடுத்தது.

இந்த விளக்கம் ஏற்கத்தக்கதா என்று கேட்பதற்கு முன், குலுக்கல் எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குக்கீயை அழித்ததும் விலை மாறியதன் மர்மம் அங்கேதான் இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு பிரவுசருக்கும் தளம் ஒரு நீண்ட எண்ணைக் கொடுத்துக் குக்கீயில் எழுதிவைக்கிறது. விலைச் சோதனை ஓடும்போது அந்த எண்ணை ஒரு கணக்கில் போட்டு 0 முதல் 99 வரை ஒரு விடையை வாங்குகிறது. 0 முதல் 49 வரை வந்தால் முதல் விலை, அதற்கு மேல் வந்தால் இரண்டாம் விலை என்று பிரிக்கிறது. எண் மாறாத வரை விடை மாறாது, அதனால் அந்த ஆள் எத்தனை முறை வந்தாலும் ஒரே விலையைக் காண்பார். குக்கீயை அழித்தாலோ, இன்காக்னிட்டோ சன்னலைத் திறந்தாலோ, வேறு போனில் பார்த்தாலோ புது எண் கிடைக்கும், மறுபடி குலுக்கல் நடக்கும். பாதி வாய்ப்பில் வேறு விலை வரும். கூடிய விலையிலிருந்து குறைந்த விலைக்கு வந்தவர் 'என்னை அடையாளம் கண்டுதான் ஏற்றியிருக்கிறான்' என்று முடிவு கட்டுவார். குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போனவர் அதை யாரிடமும் சொல்லமாட்டார். பழைய சன்னலுக்குத் திரும்பி வாங்கிவிடுவார். கதைகள் ஒரு பக்கமாகவே சேர்வதற்கு இது ஒரு காரணம்.

விமான டிக்கெட்டில் இந்த மயக்கம் இன்னும் வலுவானது. காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியிருக்கும், 'பார்த்ததால்தான் ஏறியது' என்று எண்ணத் தோன்றும். ஆனால் விமானத்தின் எக்கனாமி இருக்கைகளுக்கு ஒரே கட்டணம் கிடையாது. அவை பல கட்டண வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வகையிலும் இத்தனை இருக்கை என்ற எண்ணிக்கை இருக்கும். உதாரணமாக 4,000 ரூபாய் வகையில் ஓர் இருக்கை மிச்சம், அடுத்தது 4,700 ரூபாய் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தேடினால் 4,000 என்று வரும். கணவனும் மனைவியும் என்று இரண்டு பேருக்குத் தேடினால் வழக்கமாக இரண்டு இருக்கையையும் ஒரே வகையிலிருந்து எடுப்பார்கள், அதனால் ஆளுக்கு 4,700 என்று வரும். அந்த ஓர் இருக்கையை வேறு யாரோ எடுத்துவிட்டால் தனியாகத் தேடினாலும் 4,700தான். இதற்கு நடுவே பயணத் தளங்கள் வேகத்துக்காகச் சிறிது நேரத்துக்கு முந்தைய விலையைச் சேமித்து வைத்துக் காட்டுவதும் உண்டு. பட்டியலில் பழைய விலை தெரியும், அழுத்தி உள்ளே போனதும் அப்போதைய விலை வரும். தேடியவருக்குத் தன் கண்ணெதிரே ஏற்றியதுபோலத் தோன்றும்.

2014இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அடங்கிய குழு ஒன்று 25 விமான நிறுவனங்களின் தளங்களில் மூன்று வாரம் விலைகளைச் சேகரித்தது. அடிக்கடி பார்ப்பவர், புதிதாக வருபவர், வெவ்வேறு பிரவுசர் வைத்திருப்பவர் என்று பல முகங்களோடு ஒரே பயணத்தை ஒரே நேரத்தில் தேடினார்கள். ஆளைப் பார்த்து விலையை முறையாக மாற்றுவதற்கான தடயம் கிடைக்கவில்லை. 'ஓநாய் வந்தது என்று கத்துகிறோமா?' என்று பொருள்படும்படி அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள்.

திரும்ப வருவதன் பலன் சாதாரணக் கடைகளில் பல நேரம் எதிர்த்திசையில் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர் தயங்குகிறார் என்று கடைக்குத் தெரியும். ஸ்டேப்ளர் கணக்கில் அவர் விலகக்கூடிய 25 பேரில் ஒருவர். அவருக்கு மறுநாள் மின்னஞ்சலில் ஒரு கூப்பன் வரும். பலமுறை பார்த்ததை ஆசை என்று படிப்பதா, தயக்கம் என்று படிப்பதா என்பது கடைக்கே குழப்பமான சங்கதி. இடத்தைப்போல அது ஒரு தெளிவான அளவுகோல் அல்ல. விலையை ஏற்றுவதற்கு இதைப் பயன்படுத்தும் ஆர்வம் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

இவ்வளவு மயக்கங்களுக்கு நடுவே உண்மையான பாகுபாட்டைப் பிரித்தெடுப்பது எப்படி? பாஸ்டனில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பாடம். சாதாரணச் சில்லறைத் தளங்கள் 10, பயணத் தளங்கள் 6 என 16 தளங்களை எடுத்துக்கொண்டார்கள். 300 உண்மையான பயனர்களை அவரவர் பிரவுசரிலேயே, அவரவர் குக்கீகளோடு தேடச் சொன்னார்கள். ஒருவர் ஒரு பொருளைத் தேடிய அதே நொடியில், எந்த வரலாறும் இல்லாத இரண்டு வெற்றுப் பிரவுசர்களும் அதையே தேடின. இரண்டு எதற்கு, ஒன்று போதாதா என்று தோன்றும். ஆய்வின் உயிரே அந்த இரண்டாவதில் இருக்கிறது. இரண்டு வெற்றுப் பிரவுசர்களுக்குள்ளேயே விலை மாறினால் அது வெறும் இரைச்சல்: அந்த நொடியில் இருப்பு மாறியிருக்கலாம், ஒரு சர்வர் புது விலையையும் இன்னொன்று பழைய விலையையும் வைத்திருக்கலாம், சோதனைக் குலுக்கல் ஓடிக்கொண்டிருக்கலாம். உண்மையான பயனருக்கும் வெற்றுப் பிரவுசருக்கும் இடையிலுள்ள வித்தியாசம், இந்த இரைச்சலைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால்தான் அதைப் பாகுபாடு என்று கணக்கில் எடுத்தார்கள்.

அந்தச் சல்லடையில் சலித்த பிறகு 16இல் 9 தளங்களில் ஏதோ ஒரு வகைத் தனிப்பயனாக்கம் மிஞ்சியது. வடிவங்கள் பலவிதம். ஆர்பிட்ஸும் சீப்டிக்கெட்ஸும் உறுப்பினராக உள்நுழைந்தவருக்குச் சில அறைகளின் விலையைக் குறைத்தன. டிராவலாசிட்டி என்ற பயணத் தளம் ஐபோனில் பார்ப்பவருக்குச் சில ஓட்டல்களைக் குறைத்துக் காட்டியது. ஊர்ப்பேச்சுக்கு நேர் எதிர். ஹோம் டெப்போ என்ற சில்லறைத் தளம் செல்போன் பயனருக்கு வேறு பொருள்களை முன்னால் நிறுத்தியது. இவற்றில் பெரும்பாலானவை ஏற்றியவை அல்ல, சிலருக்கு மட்டும் குறைத்தவை. கடைக்காரர்கள் இப்படிச் செய்வதில் தந்திரம் உண்டு. எல்லோருக்கும் உயர்ந்த விலையை எழுதிவைத்து, விலகக்கூடியவருக்கு மட்டும் தள்ளுபடி என்று இறக்கினால் யாரும் கோபிப்பதில்லை. தள்ளுபடி கிடைக்காதவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

2018இல் ஐரோப்பிய ஆணையம் எட்டு நாடுகளில் 160 தளங்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையும் இதே சாயலில் இருந்தது. ஐந்தில் மூன்று தளங்கள் பொருள்களின் வரிசையை ஆளுக்கேற்ப மாற்றின. ஆனால் ஒரே பொருளின் விலை மாறியது 6 சதவீதச் சந்தர்ப்பங்களில்தான், அதுவும் மிகச் சிறிய அளவில். நாம் பயப்படும் முதல் படி, அதாவது ஆளுக்கு ஆள் அவரவர் உச்ச விலை, அப்போது பரவலாக வரவில்லை என்றே இந்த அளவீடுகள் சொல்கின்றன. அதற்குப் பிறகு கருவிகள் கூர்மையாகியிருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

இனி நம் ஊர் நிலவரம். இந்தியாவில் பெரிய தளங்களில் இடத்துக்கு இடம் விலை மாறுவதில் கணிசமான பங்குக்கு மேலே சொன்ன எதுவுமே காரணமல்ல. அந்நிய முதலீட்டு விதிகளின்படி, வெளிநாட்டு முதலீடு பெற்ற தளங்கள் சில்லறை விற்பனையில் தாமே சரக்கு வைத்து விற்கக் கூடாது. விற்பனையாளர்களுக்குச் சந்தை அமைத்துக் கொடுக்கலாம். ஆகவே ஒரு குக்கர் பக்கத்தைத் திறக்கும்போது நாம் பார்ப்பது ஒரு கடையின் விலையை அல்ல. அதே குக்கரை விற்கும் பலரில், தளம் தேர்ந்தெடுத்து முன்னிறுத்திய ஒருவரின் விலையை. விலை, இருப்பு, எவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்து சேர்ப்பார் என்பதையெல்லாம் வைத்து அந்தத் தேர்வு நடக்கிறது.

சென்னை தியாகராய நகரின் 600017 என்ற பின்கோட்டைக் கொடுத்துப் பார்ப்பவருக்குச் சென்னைக் கிடங்கில் சரக்கு வைத்திருக்கும் விற்பனையாளர் 2,150 ரூபாய்க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியின் 627001 கொடுத்தவருக்கு அவர் சரக்கு போய்ச் சேர நான்கு நாளாகும். இரண்டே நாளில் கொடுக்கக்கூடிய கோவை விற்பனையாளர் 2,290 சொல்கிறார். தளம் அங்கே கோவைக்காரரை முன்னிறுத்துகிறது. திருநெல்வேலிக்காரர் 140 ரூபாய் அதிகம் கட்டுவார், அதற்காக யாரும் அவரை எடைபோட்டிருக்க மாட்டார்கள். 'மற்ற விற்பனையாளர்கள்' என்ற வரியைத் தொட்டால் 2,150 ரூபாய்க்காரர் கீழே இருப்பார், பொறுமை இருப்பவர் அவரிடம் வாங்கலாம். பத்து நிமிட டெலிவரி ஆப்களில் இந்தக் கதவும் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கிடங்கு. எந்தக் கிடங்கு உங்கள் தெருவுக்கு ஒதுக்கப்பட்டதோ அதன் விலையும் இருப்பும்தான் உங்களுக்கு. நாலு தெரு தள்ளியிருக்கும் நண்பரின் போனில் தக்காளி விலை வேறாக இருப்பதற்கு, போனின் பிராண்டைச் சந்தேகிக்கும் முன் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

எம்.ஆர்.பி. இதற்கெல்லாம் மேலே ஒரு கூரை போட்டிருக்கிறது. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் யாரும் வாங்கக் கூடாது. அதற்குக் கீழே எந்த விலையும் வைக்கலாம். அதனால் இங்கே வித்தியாசம் பெரும்பாலும் விலையில் தெரிவதில்லை, 'இத்தனை சதவீதம் தள்ளுபடி' என்பதில் தெரிகிறது.

வீட்டில் சோதிக்க நினைப்பவர் நார்த்ஈஸ்டர்ன் குழுவின் வழியைச் சின்ன அளவில் பின்பற்றலாம். இரண்டு போன் போதாது, மூன்று வேண்டும். அல்லது ஒரு போனும், ஒரே கணினியில் இரண்டு வெவ்வேறு பிரவுசர்களின் இன்காக்னிட்டோ சன்னல்களும். மூன்றிலும் ஒரே பின்கோடு. ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். காலையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மாலையில் ஒப்பிட்டால் அது நேரத்தை அளப்பதாகும். நிறம், அளவு, கொள்ளளவு ஒன்றேதானா, விற்பனையாளர் பெயர் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான 'கண்டுபிடிப்புகள்' இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். பிறகு பக்கத்தில் தெரியும் விலையை விட்டுவிட்டு, டெலிவரிக் கட்டணம், பிளாட்பாரக் கட்டணம், கூப்பன் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை ஒப்பிட வேண்டும். இரண்டு இன்காக்னிட்டோ சன்னல்களும் தமக்குள் ஒத்துப்போய், உங்கள் கணக்கில் திறந்த போன் மட்டும் வேறு தொகை காட்டி, அது பல நாள் அப்படியே நீடித்தால், கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வண்டி புக் செய்யும் ஆப்களில் இந்தச் சோதனை எடுபடாது. அங்கே விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு போன்களும் ஏறும் இடத்தைச் சில மீட்டர் மாற்றிக் குறித்தாலே வழி மாறிவிடும்.

2025 ஜனவரியில் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரே பயணத்துக்கு வெவ்வேறு கட்டணம் என்ற புகாரின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. போனைப் பார்த்து விலை வைப்பதில்லை என்று இரு நிறுவனங்களும் மறுத்தன. இத்தகைய புகாருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் நான்காம் விதி, ஒரே வகுப்பைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக் கூடாது, அவர்களின் உரிமைகளைப் பாதிக்கும் விதத்தில் தன்னிச்சையாக வகைப்படுத்தவும் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது: 2022 மே மாதம் முதல், விலை தானியங்கி முறையில் ஆளுக்கேற்ப அமைக்கப்பட்டிருந்தால் வாங்குவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். வைப்பதற்குத் தடை இல்லை, மறைப்பதற்குத்தான் தடை. நியூயார்க் மாநிலமும் 2025இல் அதே மாதிரி ஒரு சட்டம் கொண்டுவந்தது.

இந்திய விதி கடுமையானது போலத் தெரிந்தாலும், 'ஒரே வகுப்பு' எது என்பதை அது விளக்கவில்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒரு வகுப்பா? 627001இல் குடியிருப்பவர்கள் ஒரு வகுப்பா? கூடையில் போட்டுவிட்டுத் தயங்குபவர்கள்? அருகில் போட்டிக் கடை இல்லாதவர்களைத் தனி வகுப்பு என்று ஒரு நிறுவனம் வாதிட்டால், ஸ்டேபிள்ஸின் ஒன்றரை டாலர் இங்கேயும் விதிக்குள் அடங்கிவிடும்.